பதினான்கு அவுன்ஸ் பவுண்டு

ஒரு பவுண்டு என்றால் 16 அவுன்ஸ். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் போர்க்கப்பல்களுக்குள் மட்டும் அது 14 அவுன்ஸ். கப்பலின் உணவுக் கிடங்குக்குப் பொறுப்பாக இருந்த பர்சர், கரையில் 16 அவுன்ஸ் கணக்கில் சரக்கைப் பெற்றுக்கொள்வார். மாலுமிக்கு 14 அவுன்ஸ் கணக்கில் நிறுத்துக் கொடுப்பார். எட்டில் ஒரு பங்கு எலி தின்றதற்கும், பீப்பாய் கசிந்ததற்கும், ஈரம் பட்டு வீணானதற்குமான கழிவு. இது திருட்டல்ல, விதியே அனுமதித்த வழக்கம். பர்சரின் சம்பளம் சொற்பம் என்பதால், உண்மையில் வீணாகாமல் மிஞ்சியதெல்லாம் அவருடைய வருமானம்.

ஒரு மாலுமிக்கு வாரத்துக்கு 7 பவுண்டு பிஸ்கட், 4 பவுண்டு மாட்டிறைச்சி, 2 பவுண்டு பன்றியிறைச்சி என்று ஏட்டில் இருக்கும். மூன்றும் சேர்ந்தால் 13 பவுண்டு. பவுண்டுக்கு 2 அவுன்ஸ் வீதம் குறைந்தால் வாரத்துக்கு 26 அவுன்ஸ், அதாவது ஒன்றரைப் பவுண்டுக்கும் மேல், அவன் தட்டுக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்த உப்பிறைச்சியிலும் எலும்பு எடையோடு சேர்ந்தே நிறுக்கப்பட்டது.

ஆனாலும் இந்த 14 அவுன்ஸ் பவுண்டு பல பத்தாண்டுகள் எந்தக் கலகமும் இல்லாமல் ஓடியது. படைக் கலகங்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு எப்போதும் முதலில் எழும் கேள்வி இதுதான். குறைந்த கூலி, புழுத்த பிஸ்கட், சாட்டையடி ஆகியவை படைகளுக்குப் புதியவை அல்ல. தலைமுறை தலைமுறையாகச் சகித்துக்கொண்ட ஒன்றை, ஒரு குறிப்பிட்ட நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து 'இனி முடியாது' என்று சொல்வது ஏன்? இதற்கான விடையை 1797 ஏப்ரலில், போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு வெளியே ஸ்பிட்ஹெட் நங்கூரப் பரப்பில் நின்ற கப்பல் அணியில் தேடலாம். அங்கே நடந்தவை அவ்வளவு விரிவாகப் பதிவாகியிருக்கின்றன.

தேர்ந்த மாலுமி ஒருவனின் சம்பளம் அப்போது 28 நாள் கொண்ட மாதத்துக்கு 24 ஷில்லிங். மருத்துவமனை, காயம்பட்டோர் நிதி, பாதிரியார், அறுவை மருத்துவர் என்று பிடித்தம் போக அவன் கணக்கில் 22 ஷில்லிங் 6 பென்ஸ் நிற்கும். இந்த 24 ஷில்லிங் 1650-களில் நிர்ணயிக்கப்பட்டது. ஏறத்தாழ 140 ஆண்டுகளாக யாரும் அதைத் தொடவில்லை. அந்தத் தொகையும் கைக்கு நேரே வராது. மாதக்கணக்கில் பாக்கி நிற்கும். பிரான்சுடன் போர் மூண்டபின் விலைவாசி ஏறியது. கப்பலின் அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு அடிக்கும் முறை வந்துவிட்டதால், பழுது பார்க்கத் துறைமுகம் திரும்பும் தேவை குறைந்து, கடலில் இருக்கும் நாட்கள் கூடின. ஊருக்கு விடுப்பு என்பது அநேகமாக இல்லை. காயம்பட்டுப் படுத்தவனுக்கு, காயம் ஆறும்வரை சம்பளம் நின்றுபோகும்.

இவை எல்லாம் விறகுதான். தீப்பொறி இரண்டு இடங்களிலிருந்து வந்தது. 1795-இல் தரைப்படை வீரர்களுக்குச் சம்பளம் உயர்ந்தது, கடற்படைக்கு உயரவில்லை. அதே ஆண்டு, ஒவ்வொரு மாவட்டமும் இத்தனை ஆட்களைக் கடற்படைக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆள் கிடைக்காத ஊர்கள் பெரும் தொகையை முன்பணமாகக் கொடுத்துப் பலரைச் சேர்த்தன. கயிறு கட்டத் தெரியாத ஒருவன், பல ஆண்டுகள் உழைத்தவனின் மொத்தச் சம்பளத்தையும் மிஞ்சும் தொகையை வாங்கிக்கொண்டு பக்கத்துத் தொங்கு படுக்கையில் வந்து படுத்தான். பட்டினியை விட ஒப்பீடுதான் மனிதனை அதிகம் சுடுகிறது.

அதற்குப் பிறகும் மாலுமிகள் கலகம் செய்யவில்லை. மனு எழுதினார்கள்.

கடற்படைச் சட்டம் இந்த இடத்தில் ஒரு விசித்திரமான கதவை வைத்திருந்தது. உணவு கெட்டிருந்தாலோ வேறு நியாயமான குறை இருந்தாலோ, மாலுமி அதை அமைதியாகத் தன் மேலதிகாரியிடம் சொல்லலாம். ஆனால் பலர் கூடிப் பேசினால் அது கலகத்துக்கான கூட்டம். தண்டனை மரணம் வரை போகலாம். அதாவது, எல்லோருக்கும் பொதுவான ஒரு குறையை எல்லோரும் சேர்ந்து சொல்லச் சட்டத்தில் வழியே இல்லை. ஒரு கப்பலின் கேப்டனிடம் ஒருவன் தனியாகப் போய்ச் சம்பளம் போதவில்லை என்று சொல்லி என்ன பயன்? சம்பளத்தை நிர்ணயிப்பது பாராளுமன்றம்.

ஆகவே 1797-இன் தொடக்கத்தில் பல கப்பல்களிலிருந்து கையெழுத்தில்லாத மனுக்கள் ஹௌ பிரபுவுக்குப் போயின. மொத்தம் 11. அவர் அந்தக் கப்பல் அணியின் பழைய தளபதி. மாலுமிகள் மதித்த கிழவர். அப்போது கீல்வாதத்தால் அவதிப்பட்டு பாத் நகரில் இருந்தார். மனுக்கள் ஒரே கையால் எழுதப்பட்டவை போல இருந்ததால், யாரோ ஒரு விஷமியின் வேலை என்று நினைத்தார். விசாரிக்கச் சொன்னார்; அணியில் எல்லாம் அமைதி என்று பதில் வந்தது. மனுக்கள் அட்மிரால்டி என்ற கடற்படைத் தலைமை நிர்வாகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எழுதியவர்களுக்கு ஒரு வரி பதில்கூட வரவில்லை.

ஏதோ நடக்கிறது என்று அட்மிரால்டிக்குச் சந்தேகம் வந்தபோது, அது செய்த முதல் காரியம் அணியைக் கடலுக்கு அனுப்ப உத்தரவிட்டது. ஏப்ரல் 16, ஈஸ்டர் ஞாயிறு. நங்கூரம் தூக்கச் சமிக்ஞை ஏறியதும், 'குயின் ஷார்லட்' கப்பலின் மாலுமிகள் பாய்மர வடங்களில் ஏறி நின்று மூன்று முறை ஆரவாரம் செய்தார்கள். மற்றக் கப்பல்களும் பதில் ஆரவாரம் செய்தன. எந்தக் கப்பலும் நகரவில்லை.

அதன்பின் அவர்கள் நடந்துகொண்ட விதம்தான் இந்த நிகழ்வைத் தனித்து நிறுத்துகிறது. 16 பெரிய கப்பல்கள். கப்பலுக்கு இருவர் வீதம் 32 பிரதிநிதிகள். அவர்கள் கூடிய இடம் அட்மிரலின் சொந்த அறை. அன்றாட வேலைகள் வழக்கம்போல நடந்தன. அதிகாரிகளுக்கு மரியாதை குறையவில்லை. குடித்துத் தள்ளாடியவனை மாலுமிகளே தண்டித்தார்கள். வணிகக் கப்பல்களுக்குக் காவல் போகும் சிறு கப்பல்களை நிறுத்தவில்லை. பிரெஞ்சுக் கப்பற்படை வெளியே வந்தால் உடனே புறப்படுவோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கேட்டவையும் அளவானவை: நாளுக்கு ஒரு ஷில்லிங் கையில் நிற்கும்படி சம்பளம், 16 அவுன்ஸ் பவுண்டு, துறைமுகத்தில் இருக்கும்போது காய்கறி, நோயாளிகளுக்கு நல்ல கவனிப்பு, காயம்பட்டவனுக்குத் தொடர்ந்து சம்பளம், கரைக்குப் போய் வீட்டைப் பார்க்க வாய்ப்பு. சாட்டையடியை ஒழிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. அது எனக்கு நெடுநாள் வியப்பாக இருந்தது. சாட்டையை அவர்கள் ஒழுங்கின் ஒரு பகுதியாக ஏற்றிருந்தார்கள். அதை அளவு மீறிச் சுழற்றிய சில அதிகாரிகளைத்தான் ஏற்கவில்லை.

இப்போது தளபதிகளின் பக்கம். அட்மிரால்டியின் தலைவர் ஸ்பென்சர் பிரபு இரண்டு நாளில் போர்ட்ஸ்மவுத் வந்துவிட்டார். தேர்ந்த மாலுமிக்கு 4 ஷில்லிங் உயர்வு என்றார். கேட்டதைவிடக் குறைவு, பவுண்டைப் பற்றிப் பேச்சில்லை. பிரதிநிதிகள் மறுத்தார்கள். ஏப்ரல் 21 அன்று கார்ட்னர் என்ற அட்மிரல் நேரில் பேசப் போனார்; பேச்சின் நடுவே கோபம் தலைக்கேறி, ஐந்து பேருக்கு ஒருவனைத் தூக்கிலிடுவேன் என்று கத்தினார். அதுவரை மரியாதையாக இருந்த கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. உயிரோடு கரைக்கு வந்தது அவருடைய நல்ல காலம். அந்த ஒரு வாக்கியத்தால் பல நாள் பேச்சுவார்த்தை வீணானது. மன்னரின் கையெழுத்திட்ட மன்னிப்பு இல்லாமல் எதையும் நம்பமாட்டோம் என்று மாலுமிகள் உறுதியானார்கள். தாங்கள் வேலையில் இறங்கிய மறுநாளே தலைவர்களைப் பிடித்துத் தூக்கிலிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. கார்ட்னர் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

மன்னிப்பு வந்தது, சம்பள உயர்வுக்கு வாக்குறுதியும் வந்தது. ஆனால் அதைச் சட்டமாக்கப் பாராளுமன்றம் தாமதித்தது. அந்த இடைவெளியில், அடுத்த கலகம் எழுந்தால் ஆயுதத்தால் அடக்கத் தயாராக இருங்கள் என்று அட்மிரால்டி கேப்டன்களுக்கு உத்தரவு அனுப்பியது. இரண்டு செய்திகளும் கீழ்த்தளங்களை எட்டின. மாலுமிகள் இரண்டையும் சேர்த்துக் கூட்டி, ஏமாற்றப்பட்டோம் என்ற விடைக்கு வந்தார்கள். மே 7 அன்று மீண்டும் எழுந்தார்கள். 'லண்டன்' கப்பலில் அட்மிரல் கோல்பாய்ஸ் பிரதிநிதிகளை ஏறவிடாமல் தடுத்தார். ஒரு பீரங்கியை அதிகாரிகள் நின்ற பக்கம் திருப்ப முயன்ற மாலுமியை, லெப்டினன்ட் போவர் சுட்டார். துப்பாக்கிச் சண்டையில் சில மாலுமிகள் இறந்தார்கள். போவரின் கழுத்தில் கயிறு விழுந்தது. அவரைக் காப்பாற்ற வாதாடியவர்களில் முக்கியமானவர் மாலுமிகளின் தலைவர்களில் ஒருவரான வாலன்டைன் ஜாய்ஸ். உத்தரவிட்டவன் நான்தான், அதுவும் மேலிடத்து ஆணைப்படி என்று கோல்பாய்ஸ் முன்வந்து சொன்னார். கயிறு அவிழ்ந்தது.

சட்டம் ஒரே நாளில் நிறைவேறியது: மே 9. 24 ஷில்லிங் 29 ஷில்லிங் 6 பென்ஸ் ஆனது. பழைய பிடித்தமான ஒன்றரை ஷில்லிங்கைக் கழித்தால் 28 ஷில்லிங். 28 நாளுக்கு நாளொன்றுக்குச் சரியாக ஒரு ஷில்லிங். பவுண்டும் முழுப் பவுண்டானது. அந்தச் செய்தியைக் கொண்டுபோக அரசு தேர்ந்தெடுத்தது, மனுக்களை முதலில் பெற்ற அதே ஹௌ பிரபுவை. வயது 71. நடக்கவே சிரமப்பட்ட அந்த மனிதர் படகில் கப்பல் கப்பலாகப் போய், தளத்தில் ஏறி, சட்டத்தையும் மன்னிப்பையும் படித்துக் காட்டினார். மாலுமிகளால் கரைக்கு அனுப்பப்பட்ட அதிகாரிகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்பதையும் ஏற்றார். இதுதான் அவர் கொடுத்த மிகப் பெரிய விலை என்று கருதுகிறேன். சம்பளம் அரசாங்கத்தின் பணம். அதிகாரிகளை விட்டுக்கொடுப்பது தளபதிக்குத் தன் கையையே வெட்டிக்கொள்வது போல. மே 15 அன்று பிரதிநிதிகள் அவருடன் விருந்துண்டார்கள். அணி கடலுக்குப் புறப்பட்டது. ஸ்பிட்ஹெட்டில் எழுந்தவர்களில் ஒருவர்கூட அதற்காகத் தூக்கிலிடப்படவில்லை.

சம்பளச் சட்டம் நிறைவேறிய சில நாளில், தேம்ஸ் நதியின் முகத்துவாரத்தில் உள்ள நோர் நங்கூரப் பரப்பில் வேறொரு அணி எழுந்தது. அதன் முடிவு நேர்மாறு. சம்பளமும் பவுண்டும் ஏற்கெனவே எல்லோருக்கும் கிடைத்துவிட்டிருந்தன. நோர் மாலுமிகள் அதற்கு மேல் கேட்டார்கள்: பாக்கிச் சம்பளம் உடனே, எதிரிக் கப்பல் பிடித்தால் கிடைக்கும் பரிசுப்பணத்தில் நியாயமான பங்கு, இராணுவச் சட்டத்தில் திருத்தம். நியாயமான கோரிக்கைகள்தான். ஆனால் அங்கே பல கப்பல்கள் வந்து போகும் கப்பல்கள். ஒன்றாகக் கடலில் உழைத்த பழக்கம் இல்லை. தலைவராக வந்த ரிச்சர்ட் பார்க்கர், ஊர் ஆள் சேர்த்த சட்டத்தின் கீழ் முன்பணம் வாங்கிவந்தவர். ஜூன் தொடக்கத்தில் அவர்கள் லண்டனுக்குப் போகும் வணிகக் கப்பல்களை மறித்தார்கள். ஊர்மக்களின் அனுதாபம் அன்றோடு போனது.

அரசு ஒரு கப்பலையும் சுடாமல் அவர்களை நெரித்தது. உணவும் தண்ணீரும் நின்றன. ஆழமான பாதையைக் காட்டும் மிதவைகள் அகற்றப்பட்டதால் தப்பியோடவும் வழியில்லை. கலகக்காரர்களோடு தொடர்பு கொள்வதே மரண தண்டனைக்குரிய குற்றமானது. கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஜூன் 30 அன்று பார்க்கர் 'சாண்ட்விச்' கப்பலில் தூக்கிலிடப்பட்டார். அவருக்குப் பின் இன்னும் பலர். வெளியிலிருந்து யாராவது தூண்டினார்களா என்று அரசு நீதிபதிகளை அனுப்பித் துருவியது. பெரிய சதி எதுவும் அவர்கள் கையில் சிக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் கேம்பர்டவுன் கடற்போரில் டச்சு அணியை முறியடித்த கப்பல்களில் பல, ஜூனில் கலகக் கொடி ஏற்றியிருந்தவை.

அதே 1797 செப்டம்பரில் கரீபியக் கடலில் நடந்த இன்னொன்றை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 'ஹெர்மியோனி' என்ற கப்பலின் கேப்டன் ஹியூ பிகாட் கொடூரன். பாய்களைச் சுருட்டிவிட்டுக் கடைசியாக இறங்குபவனுக்குச் சாட்டையடி என்று அறிவித்தார். அவசரத்தில் இறங்கிய மூன்று இளம் மாலுமிகள் உயரத்திலிருந்து தளத்தில் விழுந்து இறந்தார்கள். உடல்களைக் கடலில் வீசச் சொன்னார். அடுத்த இரவு மாலுமிகள் அவரையும் பல அதிகாரிகளையும் வெட்டிக் கொன்று, கப்பலை ஸ்பானியர்களிடம் ஒப்படைத்தார்கள். கடற்படை பல ஆண்டுகள் அவர்களைத் துறைமுகம் துறைமுகமாகத் தேடிப் பிடித்துத் தூக்கிலிட்டது.

கலகத்தின் வடிவத்தைக் குறையின் தன்மையே தீர்மானிக்கிறது என்பதை இந்த மூன்றும் காட்டுகின்றன. சம்பளமும் பவுண்டும் எல்லாக் கப்பலுக்கும் பொது; அதனால் எழுச்சி பரந்ததாக, பிரதிநிதிகள், பட்டியல், பேச்சுவார்த்தை என்று ஒரு வேலைநிறுத்தம் போல அமைந்தது. கொடுமை ஒரு கப்பலுக்கு, ஒரு மனிதனுக்கு உரியது. அதைச் சகிப்பவர்கள் கரையிலிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் துண்டிக்கப்பட்டவர்கள். அவர்களுக்குப் பேச எதிரே யாரும் இல்லை. அதனால் அது ஓர் இரவில், இரத்தத்தில் முடிந்தது.

நம் வேலூரும் இந்த வரிசையில் வரும். அங்கே குறை சம்பளம் அல்ல; புதிய தலைப்பாகை, நெற்றியில் சின்னம் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற உத்தரவுகள். சிப்பாய்கள் 1806 மே மாதமே மறுப்பைச் சொன்னார்கள். மேலிடம் கொடுத்த பதில், இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி. ஜூலை 10 விடியற்காலையில் கோட்டையில் எழுந்த கலகத்தை, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த கில்லஸ்பி அன்றே அடக்கினார். பிடிபட்ட சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். பிறகு அந்த உடை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் பென்டிங்கும் தலைமைத் தளபதி கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். மே மாதத்தில் காகிதத்தில் செய்திருக்க வேண்டியதை, நூற்றுக்கணக்கான உயிர்களுக்குப் பின் செய்தார்கள்.

ஹௌ செய்ததைப் பெரிய அளவில் செய்தவர் பிரெஞ்சுத் தளபதி பெத்தாங். 1917 ஏப்ரலில் ஒரு தாக்குதல் பெரும் உயிர்ச்சேதத்தோடு தோற்றபின், பிரெஞ்சுப் படைப்பிரிவுகளில் ஏறத்தாழ பாதியில் வீரர்கள் முன்னணிக்குத் திரும்ப மறுத்தார்கள். அகழியைக் காப்போம், வீணான தாக்குதலுக்குப் போகமாட்டோம் என்றார்கள். அவர் இரண்டு கையாலும் வேலை செய்தார். இராணுவ நீதிமன்றங்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை விதித்தன. நிறைவேற்றப்பட்டவை ஐம்பதுக்கும் குறைவு. மறுபக்கம், நான்கு மாதத்துக்கு ஒரு முறை ஏழு நாள் விடுப்பு, சூடான சாப்பாடு, ஓய்வு முகாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய தாக்குதல்களை நிறுத்திவைத்தார். அவர் சுடச் சொன்னதை மட்டும் நினைவில் வைத்து, விடுப்பையும் நிறுத்தத்தையும் மறப்பவர்கள் அந்தப் படை ஏன் மீண்டது என்பதைப் புரிந்துகொள்ள முடியாது.

1946-க்கு வருவோம். பம்பாயில் 'தல்வார்' என்பது பிரிட்டிஷ் ஆட்சியின் இந்தியக் கடற்படையின் தகவல் தொடர்புப் பயிற்சித் தளம். அங்கிருந்த இளைஞர்கள் படித்தவர்கள். போர்க்காலத்தில் பெரிய வாக்குறுதிகளைக் கேட்டுச் சேர்ந்தவர்கள். போர் முடிந்தது, பலருக்கு வேலை போகவிருந்தது. வெள்ளை மாலுமிக்கு ஒரு சம்பளம், ஒரு சாப்பாடு. இவர்களுக்குக் கல் கலந்த பருப்பு. பிப்ரவரி தொடக்கத்தில், தளத்தின் தலைவர் கமாண்டர் கிங் அவர்களை இழிசொற்களால் திட்டினார். 14 பேர் அவர்மீது புகார் கொடுத்தார்கள். கூட்டாகக் கொடுக்க விதி இடம் தராததால், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 150 ஆண்டுக்குப் பின்னும் அதே கதவு, அதே அகலம். அந்தப் புகார்கள் விசாரணைக்குப் போய் நின்ற இடம் கிங்கின் மேசை. பொய்ப் புகார் கொடுப்பது கடுமையான குற்றம் என்று எச்சரித்து, யோசித்துக்கொள்ள அவகாசம் கொடுத்தார்.

பிப்ரவரி 18 காலையில் தல்வாரின் மாலுமிகள் சாப்பாட்டையும் வேலையையும் மறுத்தார்கள். சில நாட்களில் 78 கப்பல்களும் ஏறத்தாழ 20,000 மாலுமிகளும் சேர்ந்தார்கள். மத்திய வேலைநிறுத்தக் குழு அமைந்தது; எம். எஸ். கான் தலைவர், மதன் சிங் துணைத்தலைவர். கோரிக்கைப் பட்டியலில் சாப்பாடும் சம்பளமும் கிங் மீது நடவடிக்கையும், அரசியல் கைதிகளின் விடுதலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கிங்கை மாற்றினார்கள், ஆனால் அதற்குள் விஷயம் ஒரு தளத்தைத் தாண்டிவிட்டது. பிப்ரவரி 21 அன்று கடற்படைத் தளபதி காட்ஃப்ரே வானொலியில் பேசினார்: கடற்படையே அழிந்தாலும் சரி, பலம் முழுவதையும் பயன்படுத்தி அடக்குவோம் என்பது அவர் பேச்சின் சாரம். 1797-இல் கார்ட்னர் கத்திய வாக்கியத்தின் மறுபிறவி இது. பம்பாய்த் தெருக்களில் ஆலைத் தொழிலாளர்கள் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். சர்தார் படேல் தலையிட்டு, பழிவாங்கல் இருக்காது என்று சொன்னதை நம்பி மாலுமிகள் 23-ஆம் தேதி சரணடைந்தார்கள்.

ஃபசல் அலி தலைமையில் அரசு அமைத்த விசாரணைக் குழு கப்பல்களுக்கும் தளங்களுக்கும் போய் மாலுமிகளின் வாக்குமூலத்தைக் கேட்டது. உணவு, சம்பளம், நிறவெறி, அதிகாரிகளின் நடத்தை, பதில் வராத புகார்கள் என்று, தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்ததெல்லாம் முதன்முறையாக ஒரே ஏட்டில் சேர்ந்தது. ஆனால் வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை. தலைவர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 476 பேர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு இந்தியாவும் பாகிஸ்தானும் தனித்தனிக் கடற்படை அமைத்தபோது, இரண்டுமே அவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.